செந்தூல் வீட்டு ஊமை விளையாட்டு: துப்புச் சீட்டு

நடிப்பவர் வாய் திறக்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் விடை வராவிட்டால் நான் துப்பை வாசிப்பேன். விடையான படப் பெயர் அடைப்புக்குள் இருக்கிறது, அதனால் இந்தச் சீட்டு என் கையைவிட்டுப் போகாது.

இரண்டு சொல். நாசி லெமாக்கில் பாதி வெட்டி வைப்பார்களே, அதுதான் இரண்டாவது. ஆனால் இதைப் போட்டது கோழி இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மாமா காருக்கு வெள்ளையடித்துவிட்டுப் பறந்தவர். (காக்கா முட்டை, 2015)

இரண்டு சொல், மூன்றே எழுத்து. நெஞ்சில் கை வையுங்கள். அப்புறம் மாமாக் கடையில் உங்கள் தே தாரிக்கை உங்களுக்கு முன்னாலேயே ருசி பார்ப்பது யார்? (நான் ஈ, 2012)

ஒரே சொல் இரண்டு தடவை. சம்பாலில் மிளகாயைக் கடித்த சித்தப்பா கத்துவது. (தண்ணீர் தண்ணீர், 1981)

டுரியானைக் கட்டிப்பிடித்தால் முதல் சொல் குத்தும். தைப்பூசத்துக்கு அக்கா தலையில் கால் கிலோ ஏறுவது இரண்டாவது. இரண்டுக்கும் கடைசியில் ‘உம்’ ஒட்டிக்கொள்ளும். இது எனக்கு மிகவும் பிடித்த துப்பு, பாட்டியின் குழுவுக்கென்றே வைத்திருக்கிறேன். (முள்ளும் மலரும், 1978)

ஒரே சொல். கதை நம்ம கோலாலம்பூரில். இந்த வெயிலிலும் கோட்டு சூட்டைக் கழற்றாத வெள்ளைத் தாடிக்காரர். (கபாலி, 2016)