பிள்ளை பெற்ற மகளுக்கு: முதல் 45 நாள் உணவுத் திட்டம்

தாய்க்கு வயது 26. முதல் பிரசவம், சுகப்பிரசவம், தையல் உண்டு. ஹீமோகுளோபின் 9.4. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு கோளாறு இல்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அசைவம் சாப்பிடுபவர்.

அம்மா, சமைத்துக் கொடுக்கப்போவது நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் வைத்துத் தரும் பூண்டுக் குழம்பும் உளுந்தங்களியும் அப்படியே தொடரட்டும். ஆனால் பத்தியம் என்று சொல்லி அளவைக் குறைப்பதும் தண்ணீரை மறுப்பதும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு மூன்று முறை சிற்றுணவு கொடுத்தால்தான் இது நடக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, மிளகு ரசம், பாசிப்பருப்பு, வெந்த காய் போதும். பசி எடுக்க எடுக்கக் கீழே உள்ளதற்கு மாறுங்கள்.

காலை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சுக்கு தட்டிப்போட்ட கருப்பட்டிப் பால். எட்டு மணிக்கு இட்லி அல்லது கேழ்வரகுப் புட்டு, கூடவே ஒரு முட்டை. வாரத்தில் மூன்று நாள் இந்த வேளையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி கொடுங்கள். இடுப்புக்குப் பலம் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். உளுந்தில் எடைக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு புரதம். கிழிந்த தசையும் தையலும் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். எண்ணெய் கலோரியைக் கூட்டித் தருகிறது.

பதினொரு மணிக்கு கேழ்வரகுக் கஞ்சி அல்லது ஓர் எள்ளுருண்டையும் ஒரு கொய்யாவும். கேழ்வரகும் எள்ளும் சுண்ணாம்புச்சத்துக்காக. உணவில் அது குறைந்தால் பாலுக்கான சுண்ணாம்பு தாயின் எலும்பிலிருந்துதான் எடுக்கப்படும்.

மதியம் வயிறு நிறையச் சோறு. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், சாளை அல்லது நெத்திலி. பால் ஊறும் என்று பலர் சுறாப்புட்டுதான் தேடுவார்கள். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், ஆகையால் இந்த மாதங்களில் சின்ன மீன் நல்லது. சாளையில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. பூண்டின் மணம் பாலில் இறங்கும், அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எந்தப் பண்டமும் தனியாகப் பாலைச் சுரக்கவைப்பதில்லை. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கும்போதுதான் பால் ஊறுகிறது.

ரத்தம் குறைவாக இருப்பதால் வாரம் ஒருமுறை சுவரொட்டி அல்லது ஆட்டு ஈரல் கட்டாயம். நன்றாக வேகவைத்து மிளகு போட்டு வறுங்கள். கருப்பட்டியை மட்டும் நம்பினால் இந்த 9.4 ஏறாது. டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் போட வேண்டும். அதைப் பாலோடும் சுண்ணாம்பு மாத்திரையோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், உடம்பில் சேர்வது குறையும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். காப்பி, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலும் பாலும். இரவு தோசை அல்லது இடியாப்பம், நாட்டுக்கோழிச் சாறு. சாற்றில் உள்ள கறியையும் சாப்பிட வேண்டும், புரதம் அதில்தான் இருக்கிறது. நள்ளிரவில் பால் கொடுக்க எழும்போது பசிக்கும். பக்கத்தில் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் இருக்கட்டும்.

தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், தையல் ஆறாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, தையல் உள்ள இடத்தில் உயிர்போகிற வலி வரும். சிறுநீர்த் தொற்றும் வரலாம். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் குடிக்கட்டும். பழம், கீரை, தயிர் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் சரியல்ல.

பிரசவ லேகியம் காலையில் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் பசியைத் தூண்டி வாயுவைக் குறைக்கத்தான். பற்பம், செந்தூரம் கலந்ததை டாக்டரிடம் கேட்காமல் தர வேண்டாம். உடம்பு வலிக்கு என்று பிராந்தி கொடுக்கவே கூடாது, அது பாலில் கலந்து குழந்தைக்குப் போகும்.

காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் அளவு ரத்தம், மார்பில் சிவந்த கட்டி, இவற்றில் எது தெரிந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 45-ஆம் நாள் பரிசோதனைக்கு வரும்போது ஹீமோகுளோபினை மறுபடி பார்த்து, இந்தத் திட்டத்தை மாற்றித் தருகிறேன்.