பவர் பிரஸ் 4 விபத்து: 9 பக்க அறிக்கையின் சுருக்கம்

பெறுநர்: ஆலை மேலாளர்
அனுப்புநர்: பாதுகாப்புப் பிரிவு

இரவு ஷிஃப்டில் நடந்த விபத்து பற்றிய அறிக்கையை முழுதாகப் படித்தேன். அதில் கண்டதும், சிலர் சொன்னதும், செய்ததும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தந்திருக்கிறேன். என் கருத்து வரும் இடங்களில் அது என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.

பார்த்தவை, அளந்தவை

இரவு 2.41 மணி. ஆபரேட்டர் பிரஸ் 4-இல் சிங்கிள் ஸ்ட்ரோக் முறையில் வேலை செய்துகொண்டிருந்தார். டையில் சிக்கிய துண்டை எடுக்க வலது கையை உள்ளே நீட்டியபோது ஸ்லைடு இறங்கியது. ஆள்காட்டி விரல் நுனியும் நடுவிரலும் நசுங்கின. உடன் இருந்தவர் எமர்ஜென்சி பட்டனை அழுத்தினார். 2.50-க்குள் முதலுதவி முடிந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஸ்ட்ரோக் கால் பெடலிலிருந்து வந்தது என்று கன்ட்ரோல் பேனலின் பதிவு காட்டுகிறது. அதே பதிவில், ஸ்லைடு இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒளித்திரையின் கதிர் தடைபட்ட சிக்னலும் இருக்கிறது. ஆக, ஒளித்திரை கையைப் பார்த்தது, நிறுத்தச் சொல்லி சிக்னலும் கொடுத்தது. ஸ்லைடுதான் நேரத்துக்கு நிற்கவில்லை. அறிக்கையில் இது 7-ஆம் பக்கத்தில் ஒரே வரியில் போய்விடுகிறது. என் பார்வையில் மொத்த அறிக்கையிலும் முக்கியமான வரி அதுதான்.

விபத்துக்குப் பிறகு பராமரிப்புப் பிரிவு 10 முறை அளந்தது. கதிர் தடைபட்டதிலிருந்து ஸ்லைடு முழுதாக நிற்க அதிகபட்சம் 0.23 நொடி ஆனது. பிரஸ்ஸை நிறுவியபோது எடுத்த பதிவில் அது 0.14 நொடி. ஒளித்திரை டையிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது. விபத்து நடந்த நேரத்தில் பிரஸ் 4 அருகே இடுக்கி இல்லை என்பதையும் ஆய்வுக் குழு படத்துடன் பதிவு செய்திருக்கிறது.

காரணம் என்று சொல்லப்பட்டவை

ஷிஃப்ட் சூப்பர்வைசர்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு, இடுக்கி பயன்படுத்தவில்லை." அறிக்கை இதை "கண்டறிந்த உண்மைகள்" என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. அது உண்மை அல்ல, ஒருவரின் கருத்து. அதனால் இங்கே மாற்றியிருக்கிறேன்.

ஆபரேட்டர்: ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்தே துண்டு சிக்கிக்கொண்டே இருந்தது, இடுக்கி கேட்டும் கிடைக்கவில்லை, கால் எப்போது பெடலில் பட்டது என்று தெரியவில்லை. அவர் இடுக்கி கேட்டாரா என்பதை வேறு யாரிடமும் விசாரித்ததாக அறிக்கையில் இல்லை.

டை செட்டர்: டையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

பராமரிப்புப் பிரிவு: பிரேக் லைனிங் தேய்ந்திருக்கும். இதுவும் இன்னும் ஊகம்தான், பிரேக்கைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் நிற்கும் நேரம் 0.14-லிருந்து 0.23 ஆனது அளந்த விஷயம். கை வரும் வேகத்தை நொடிக்கு 2000 மி.மீ. என்று எடுப்பது ஐஎஸ்ஓ 13855 வழி. அதன்படி 0.14 நொடிக்கு 280 மி.மீ. போதும், 300 சரியாகத்தான் இருந்தது. 0.23 நொடிக்கு 460 மி.மீ. வேண்டும். அதாவது 160 மி.மீ. குறைவு. எவ்வளவு கவனமான ஆளின் கையானாலும், அந்த வேகத்தில் உள்ளே போனால் ஸ்லைடு நிற்பதற்கு முன் டைக்குள் போய்விடும்.

எடுத்த, எடுக்கப்போகும் நடவடிக்கைகள்

முடிந்தவை: பிரஸ் 4 நிறுத்தப்பட்டு மெயின் சுவிட்சில் பூட்டும் டேகும் போடப்பட்டிருக்கின்றன. எல்லா பிரஸ்களிலும் இடுக்கி சங்கிலியில் கட்டப்பட்டுள்ளது.

திட்டமிட்டவை: எல்லா ஆபரேட்டர்களுக்கும் மறுபயிற்சி (பொறுப்பு: உற்பத்திப் பிரிவு, 2 வாரம்). கால் பெடலுக்கு மூடி (பொறுப்பு: பராமரிப்பு, 1 வாரம்). பிரேக் லைனிங் மாற்றுவது "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் இருக்கிறது, பொறுப்பும் இல்லை, தேதியும் இல்லை.

அறிக்கையில் இல்லாத மூன்றை நான் கேட்கிறேன். பிரேக்கைச் சரிசெய்து, நிற்கும் நேரம் 0.14-க்குத் திரும்பியதை அளந்து காட்டும்வரை, அல்லது அளந்த நேரத்துக்கு ஏற்ப ஒளித்திரையைத் தள்ளி வைக்கும்வரை, பிரஸ் 4-ஐ ஓட்டக் கூடாது. மற்ற பிரஸ்களையும் இந்த வாரமே அளக்க வேண்டும், அவற்றின் பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அப்புறம், "கவனக்குறைவு" என்ற வரி ஆபரேட்டரின் பணிப்பதிவில் ஏறியிருந்தால், பிரேக் ஆய்வு முடியும்வரை அதை எடுத்துவிடுங்கள். விரல்களுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் அவர் மீது, நிரூபிக்காத ஒரு குற்றத்தைச் சுமத்தக் கூடாது.

பேனல் பதிவின் நகலும் 10 அளவீடுகளின் தாளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.