புதிய ஸ்பின்னிங் மாஸ்டர் செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

நேற்று மாலை நோட்டீஸ் போர்டில் ஆர்டர் ஒட்டியதும் ஷிப்ட் மாறுகிற சத்தத்தில் கை மட்டும்தான் கொடுக்க முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன். மனமார்ந்த வாழ்த்துகள். இந்த மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் நாற்காலிக்குச் சரியான ஆள் வந்திருக்கிறார்.

அந்த நேர்முகத்துக்கு நானும் போயிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மனசுக்குள் ஏதாவது வைத்திருப்பேனோ என்ற எண்ணம் உங்களுக்கு ஒரு நாள்கூட வரக்கூடாது. ஏன் உங்களுக்குக் கிடைத்தது என்று யாராவது என்னைக் கேட்டால் பதில் சொல்ல எனக்கு மூன்று விஷயங்கள் கையிலேயே இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்வதைவிட, நீங்கள் செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்வதுதான் மரியாதை.

முதலாவது, 9ஆம் ஃபிரேம். 40ஆம் நம்பர் கோம்டு ஓடிக்கொண்டிருந்தபோது 100 ஸ்பிண்டில் மணிக்கு நூல் அறுபடல் 6 வரை போனது. எல்லோரும் பஞ்சைத்தான் குறை சொன்னோம், மிக்ஸிங் மாற்றலாம் என்ற பேச்சுகூட வந்தது. நீங்கள் சைடர்களிடம் ஆளுக்கொரு சாக்பீஸைக் கொடுத்து, இழை இணைக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னீர்கள். எட்டு மணி நேரத்தில் 1,008 ஸ்பிண்டிலில் சுமார் 480 அறுபடல். அதில் 150க்கு மேல் வெறும் 38 ஸ்பிண்டிலில்! பஞ்சு காரணமென்றால் கோடுகள் ஃபிரேம் முழுக்கப் பரவலாக விழுந்திருக்கும். ஒரே இடத்தில் நாலும் ஐந்தும் விழுந்தால் கோளாறு அந்த ஸ்பிண்டிலில்தான். 17 இடத்தில் லாப்பெட் கொக்கியில் நூல் உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. 9 ஸ்பிண்டில் ரிங்குக்கு நடுவில் நிற்கவில்லை. மீதி 12இல் ஏப்ரன் ஓரம் வெடித்திருந்தது. ஃபிட்டர்களைக் கூடவே வைத்துக்கொண்டு இரண்டு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தீர்கள்.

அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த 38ஐயும் கழித்த பிறகும் அறுபடல் கூடுதலாகவே இருந்தது. மாசி மாத மத்தியான வெயில், டிபார்ட்மென்டில் ஈரப்பதம் 47 சதவீதம். நமக்கு 55க்குக் கீழே போனாலே ரோவிங் உலர்ந்து, ஸ்டேட்டிக் ஏறி, பஞ்சு பறக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் பிளாண்டுக்குள்ளேயே இறங்கிப் பார்த்தீர்கள். 60 நாசிலில் 22 உப்புப் படிந்து அடைத்திருந்தன, போர் தண்ணீர் அப்படி. நாசிலைக் கழற்றிக் கழுவியதோடு, சாஃப்ட்னர் தண்ணீருக்கு மாற்ற எழுத்தில் கேட்டு வாங்கினீர்கள். அதற்குப் பிறகு அறுபடல் 3க்குள் நின்றது. ஒரு காரணம் கிடைத்ததும் திருப்தியாகிவிடாமல், மிச்சக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. அதை இந்த மில்லில் யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் உட்பட. அது நீங்களாகக் கொண்டுவந்தது.

இரண்டாவது, திருப்பூரிலிருந்து வந்த அந்தப் புகார். சாயம் போட்ட துணியில் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று சொன்னார்கள். நீங்கள் அந்தக் கோனையே வாங்கிவந்து, 120 கஜம் லீ எடுத்து எடைபோட்டீர்கள். 40 இருக்க வேண்டிய இடத்தில் கவுண்ட் 38.1. அந்த எண்ணிலிருந்தே விடை எடுத்தீர்கள்: நம் சிம்ப்ளக்ஸில் அப்போது 1.05 ஹாங்கும் 1.00 ஹாங்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 1.05க்கு வைத்த டிராஃப்டில் 1.00 பாபின் ஏறினால் 40ஐ 1.05ஆல் வகுத்த கணக்கு, 38.1தான் வரும். தவறான பாபின் கிரீலில் ஏறியிருக்கிறது என்று ஃபிரேமைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டீர்கள். மறு வாரமே ஹாங்குக்கு ஒரு நிறம் என்று ரோவிங் பாபினைப் பிரித்தீர்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர் ஏற்றினாலும் இனி மாறாது.

மூன்றாவதை நான் அதிகம் விளக்கப்போவதில்லை. அந்தப் புகார் ஆபீசுக்குப் போனபோது, "என் ஷிப்டில் நடந்தது, நான் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். பாபின் ஏற்றிய பெண்ணின் பெயர் உங்கள் வாயிலிருந்து வரவே இல்லை. டிபார்ட்மென்டில் அத்தனை பேருக்கும் அது தெரியும். உங்களுக்குக் கீழே வேலை பார்க்க அவர்களும் நானும் சந்தோஷப்படுவதற்கு அது ஒன்றே போதும்.

இனி நடைமுறை. இத்தனை நாளும் உங்களைத் தம்பி என்று கூப்பிட்டுவந்தேன். டிபார்ட்மென்டுக்குள் இன்றிலிருந்து மாஸ்டர்தான். நான் முதலில் அப்படிக் கூப்பிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் இருக்காது. வீட்டு விசேஷத்தில் பார்த்தால் தம்பிதான், அதை விட்டுத்தர மாட்டேன்.

லீவு, ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம் என்று பழைய பழக்கத்தில் சிலர் என்னிடம் வருவார்கள். யாருக்கும் நான் சரி என்று சொல்லி அனுப்ப மாட்டேன், நேராக உங்கள் கேபினுக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் முடிவில் எனக்கு வேறு கருத்து இருந்தால் காலை ரவுண்ட்சுக்கு முன்னால் உங்களிடம் தனியாகச் சொல்வேன். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்ததை என் முடிவாகவே நினைத்துச் செய்வேன். புரொடக்ஷன் மீட்டிங்கில் மெயின்டனன்ஸ் பற்றிக் கேள்வி வந்தால் தாராளமாக என்னைக் கைகாட்டுங்கள், அது என் பொறுப்பு.

ஃபிரேம் வாரியாக ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஃபிரேமில் ரிங் எப்போது மாற்றியது, காட்ஸ் எத்தனை முறை பஃப் செய்து எவ்வளவு விட்டம் மிச்சம், எந்த கியர் எண்டில் சத்தம் வருகிறது என்று எல்லாம் அதில் உண்டு. ஜெராக்ஸ் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். 4ஆம் ஃபிரேம் பக்கத்தை மட்டும் முதலில் பாருங்கள். அதில் புது ரிங் போட்டு இன்னும் ரன்னிங்-இன் முடியவில்லை. வேகத்தை இப்போதே ஏற்றினால் டிராவலர் எரிந்து பறக்கும், ரிங் மேற்பரப்பும் கெடும். டார்கெட் கேட்டு மேலிருந்து அழுத்தம் வந்தால் இந்தக் காரணத்தைச் சொல்ல உங்களுக்கு உதவும்.

உங்கள் அம்மாவிடமும் வீட்டில் எல்லோரிடமும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவோடு வந்து நேரில் சொல்கிறோம், இனிப்பு எங்கள் கணக்கு.

திங்கட்கிழமை 9ஆம் ஃபிரேமில் டிராவலர் மாற்றம் இருக்கிறது. காலை ஏழு மணி டாஃபிங் முடிந்ததும் நிறுத்தி, பக்கத்துக்கு இரண்டு பேர் வைத்து முடித்துவிடுகிறேன். வேறு நேரம் தோதுப்பட்டால் சொல்லுங்கள் மாஸ்டர், ஆட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பழனிசாமி
ஸ்பின்னிங் மெயின்டனன்ஸ்