சத்தமாப் படிங்க

துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எல்லோரும் படுத்த பிறகு, ரூம் தம்பியிடம் லேப்டாப்பை இரவல் வாங்கி, செல்வத்தோடு பேசிய வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்த .txt ஃபைலைத் திறந்தார் மாரியப்பன். போன மாதம் மாரடைப்பில் போனவன், இதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மதியம் 12.30லேர்ந்து 3 வரைக்கும் வெயில்ல வேலை கிடையாதாம். நமக்கு லீவு சரி, சூரியனுக்கு யாராவது சொன்னாங்களா?"

சில ஜோக்குகள் பாதிதான் இருந்தன. "அப்புறம் ஃபோர்மேன் என்ன செஞ்சான் தெரியுமா?" என்று கேட்டிருப்பான், கீழே <Media omitted> என்று நிற்கும். மீதியை வாய்ஸில் சொல்லியிருக்கிறான், படுபாவி.

மாரியப்பன் சிரிப்பை அடக்கியதில் கட்டிலே ஆடியது.

"என்னண்ணே, பேயா?" என்றான் மேல்கட்டில்காரன்.

"செல்வம்டா."

"அப்ப சத்தமாப் படிங்க."