பகுதிநேர ஆலோசகராக வருவது குறித்து

அன்னூர்
12.03.2025

அன்புள்ள செந்தில் தம்பிக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? பல்லடம் பக்கம் 12,000 ஸ்பிண்டில் மில் ஒன்றை நீங்கள் வாங்கி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். நூல் வாங்க வந்துகொண்டிருந்தவர் நூலே நூற்க இறங்கிவிட்டார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். 34 வருடம் ஸ்பின்னிங், அதில் கடைசி 11 வருடம் ஃபேக்டரி மேனேஜர். வாரம் இரண்டு நாள் உங்கள் மில்லுக்கு ஆலோசகராக வர விரும்புகிறேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒருமுறை சாயம் போட்ட நேவி ப்ளூ பனியன் துணியைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தீர்களே, நினைவிருக்கிறதா? விரலளவு அகலத்தில் வெளிறிய பட்டைகள். சாயப்பட்டறை மேல்தான் தப்பு என்று நம் எல்லோருக்கும் தோன்றியது. அப்புறம் மிக்சிங் ரிஜிஸ்டரைப் புரட்டினால், புது லாட் பேல்களை மைக்ரோனேர் பார்க்காமலே வரிசையில் வைத்திருந்தார்கள். முதிராத பஞ்சு சாயம் சரியாகப் பிடிக்காது. பழைய லாட் கோனும் புது லாட் கோனும் ஒரே நிட்டிங் மெஷினில் ஏறியதால் பட்டை விழுந்துவிட்டது. தவறு எங்கள் பக்கம். அன்றிலிருந்து பேல் அடுக்கும்போது நானே போய் நின்றேன். உங்கள் மில்லிலும் முதலில் அங்கேதான் நிற்பேன்.

அடுத்தது காற்றின் ஈரப்பதம். பங்குனி வெயில் ஏறிவிட்டால் ரிங்ஃப்ரேமில் நூல் அறுவது கூடும், பஞ்சும் பறக்கும். ஹியூமிடிட்டி பிளான்ட்டை இப்போதே பார்த்துவிடுவது நல்லது. கம்ப்ரசர் காற்று கசியும் இடங்களையும், மெஷின் சத்தம் குறைவாக இருக்கும் ஒரு வாரவிடுமுறை நாளில் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். கரண்ட் பில் வரும்போது அதன் அருமை தெரியும்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் காலை எட்டு மணி முதல் நான்கு மணி வரை வருகிறேன். மாதம் ஒரு நாள் நைட் ஷிஃப்ட்டுக்கும் வருவேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால்தான் ஒரு மில்லின் நிலைமை புரியும். மாதம் 30,000 ரூபாயும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். மூன்று மாதம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடலாம்.

உங்கள் மேனேஜருக்கு மேலே உட்கார எனக்கு எண்ணமில்லை. நான் பார்ப்பதை அவரிடம்தான் முதலில் சொல்வேன், ஆர்டர் போடுவது அவராகவே இருக்கட்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் யாரிடமும் கமிஷன் வாங்க மாட்டேன். உங்களிடம் இருக்கும்வரை வேறு மில்லுக்கும் போக மாட்டேன்.

வரும் ஞாயிறு தோட்டத்தில்தான் இருப்பேன். மேனேஜரையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வாங்க. போன மாத நூல் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்து வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
பழனிசாமி