நீர்ச் சுத்திகரிப்பு: ராமநாதபுரம் கடற்கரைக்கு மூன்று ஓட்டப்படங்கள்

சுற்றுச்சூழல் பொறியியல் தாளில் "ஓட்டப்படம் வரைக" என்றால் பேனாவை எடுக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் கரையில் ஆற்று நீர், ஊருணி நீர், கடல் நீர் மூன்றும் குடிநீராகின்றன. மூன்றுக்கும் ஒரே படத்தை வரைந்தால் விடை தவறு.

படம் 1: கலங்கலான ஆற்று நீர், நாளுக்கு 24 லட்சம் லிட்டர் (Q = 100 m³/h)

உள்வாங்கி → கம்பித் தடுப்பு → காற்றூட்டல் → படிகாரம் + ஃப்ளாஷ் மிக்சர் → ஃப்ளாக்குலேட்டர் → படிவுத் தொட்டி → விரைவு மணல் வடிகட்டி → குளோரின் → தெளிநீர்த் தொட்டி → மேல்நிலைத் தொட்டி

படிகாரத்தை வேகமாகக் கலக்க வேண்டும், திரட்சியை மெதுவாக வளர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் எண்தான் G, அதாவது திசைவேகச் சரிவு. ஃப்ளாஷ் மிக்சரில் 30 வினாடி, G = 800 s⁻¹ என்றால் கொள்ளளவு V, கலக்கும் திறன் P இப்படி வரும், μ என்பது நீரின் பாகுநிலை:

```
V = 100 × 30 / 3600 = 0.83 m³
P = G² μ V = 800² × 0.0008 × 0.83 ≈ 425 W
```

ஃப்ளாக்குலேட்டரில் 20 நிமிடம், G = 40 s⁻¹ என்றால் Gt = 48,000. இது 10⁴ முதல் 10⁵ வரையிலான வரம்புக்குள் வருகிறது. இங்கே G-ஐ ஏற்றினால் சேர்ந்த திரட்சி கிழிந்து பொடியாகும். அந்தப் பொடி படிவுத் தொட்டியில் அடங்காது, நேரே போய் மணலை அடைக்கும்.

படிவுத் தொட்டிக்குப் பரப்புச் சுமை 24 m³/m²/d என்றால் பரப்பு 100 m². 20 மீ × 5 மீ தொட்டி, ஆழம் 2.5 மீ, தங்கும் நேரம் 2.5 மணி. எந்தத் துகள் படியும் என்பதைப் பரப்புச் சுமைதான் தீர்மானிக்கிறது. ஆழத்தைக் கூட்டிவிட்டுத் தொட்டி மேம்பட்டது என்று எழுதுவது பலர் செய்யும் பிழை.

வடிகட்டும் வேகம் 5 m/h, ஆகவே பரப்பு 20 m². 10 m² படுகை இரண்டு போதும். ஒன்றைக் கழுவும்போது தண்ணீர் நிற்காமலிருக்க மூன்றாவதும் வேண்டும். பேக்வாஷ் நிமிடத்துக்கு 600 லி/m², 10 நிமிடம்: ஒரு படுகைக்கு 60 m³.

குளோரின் வடிகட்டிக்குப் பின்தான். கலங்கல் இருந்தால் கிருமிகள் துகளுக்குள் ஒளிந்து தப்பும். 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு எச்சக் குளோரின் 0.2 மி.கி./லி. இருக்க வேண்டும். திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து வரும் நீளமான குழாயில் இது வழியிலேயே தேய்ந்துபோகும். அதனால் இடைநிலையத்தில் மறுபடி குளோரின் சேர்ப்பதைப் படத்தில் தனிப் பெட்டியாகக் காட்டுங்கள்.

படம் 2: ஊருணி

ஊருணி → சரளை முன்வடிகட்டி → மெது மணல் வடிகட்டி → குளோரின் → தொட்டி

படிகாரம் கிடையாது, மோட்டாரும் அதிகம் வேண்டாம். வேகம் வெறும் 0.1 m/h. நாளுக்கு 100 m³ வேண்டுமென்றால் 42 m² பரப்பு. இதே வேகத்தில் படம் 1-இன் நீரை வடிகட்ட 1,000 m² வேண்டும், அதாவது ஐம்பது மடங்கு. இங்கே வேலை செய்வது மணலின் மேல் படியும் உயிர்ப்படலம். அது வளரச் சில வாரங்கள் ஆகும். அடைபட்ட மேல் மணலைச் சுரண்டிய மறுநாளே நீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஊருணி கலங்கும்போது அந்தப் படலம் அடைபடும், சரளைப் படுகையை முன்னால் போடுவது அதற்காகத்தான்.

கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நான்கு சொட்டு விடுங்கள், நுரைத்துப் பொங்கினால் சிப்பித் தூள் கலந்திருக்கிறது. அமிலத்தில் கரைவது 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

படம் 3: கடல் நீர், உற்பத்தி நாளுக்கு 10 லட்சம் லிட்டர்

உள்வாங்கி → குளோரின் → திரட்டி + இரட்டை ஊடக வடிகட்டி → ஆன்டிஸ்கேலன்ட் → சோடியம் பைசல்ஃபைட் → 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் → உயர் அழுத்தப் பம்பு → ஆர்.ஓ. → சுண்ணாம்பு, pH சரிசெய்தல் → குளோரின் → தொட்டி
ஆர்.ஓ. → உவர்க் கழிவு → கடல்

குளோரின் இரண்டு முறை வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவது குழாயில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க. ஆனால் பாலிஅமைடு சவ்வைக் குளோரின் அரித்துவிடும், அதனால் பைசல்ஃபைட் போட்டு அதை முறிக்க வேண்டும். அந்தப் பெட்டி விடுபட்ட படத்தை உண்மையில் கட்டினால் சவ்வு முழுதும் நாசம்.

மீட்பு, அதாவது உள்ளே வரும் கடல் நீரில் நன்னீராகும் பங்கு, 40% என்றும் கடல் நீரின் உப்பு 35000 mg/L என்றும் வைத்தால், உள்வரும் நீர் Qf, உவர்க் கழிவு Qb, கழிவின் உப்பு Cb:

```
Qf = 1000 / 0.40 = 2500 m³/d
Qb = 2500 − 1000 = 1500 m³/d
Cb ≈ 35000 / (1 − 0.40) ≈ 58300 mg/L
```

மீட்பை ஏற்றினால் கழிவின் உப்பும், அதனுடன் ஊடுபரவல் அழுத்தமும் ஏறும், சவ்வில் செதில் படியும்.

உப்புக் கிணற்று நீருக்குப் படம் 1-ஐ வரையும் மாணவர்களும் இருக்கிறார்கள். படிகாரமும் மணலும் கரைந்த உப்பைத் தொடாது, தெளிந்த உப்புத் தண்ணீர்தான் வெளியே வரும். கரைந்த திண்மம் லிட்டருக்கு 2,000 மி.கி.க்கு மேல் என்று வினாவில் இருந்தால் ஆர்.ஓ. பெட்டி கட்டாயம்.