சாலையோர வியாபாரிகள்: கொள்கை அறிக்கையின் சுருக்கம்

முழு அறிக்கையையும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். அறிக்கை கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: இன்று கடை போட்டவர் நாளையும் அதே இடத்தில் போடலாம் என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள். கடன், பயிற்சி, புது வண்டி எல்லாம் அதற்கு அப்புறம். இடமே நிலையில்லாதவருக்குக் கடன் கொடுத்தால், அவர் தலையில் இன்னொரு சுமைதான் ஏறும்.

2018-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட கணக்குப்படி, உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், அதாவது சுமார் 200 கோடி பேர், பதிவோ வேலைப் பாதுகாப்போ இல்லாத முறைசாராப் பொருளாதாரத்தில் இருக்கிறார்கள். சாலையோர வியாபாரிகள் அதில் ஒரு பகுதிதான், ஆனால் நம் கண்ணில் தினமும் படுகிற பகுதி. அதனால்தானோ என்னவோ, நகரத்தை 'அழகுபடுத்த' வேண்டும் என்றதும் முதலில் இவர்கள் மேல்தான் கை வைக்கிறார்கள்.

அப்படிக் கை வைக்கும்போது என்ன நடக்கிறது? காலையில் ஒரு நகராட்சி லாரி வருகிறது. தராசு, குடை, தார்ப்பாய், கூடையோடு காய்கறி எல்லாம் அள்ளிப் போடப்படுகிறது, என்னென்ன எடுத்தார்கள் என்று யாரும் எழுதிக் கொள்வதில்லை. மதியம் அலுவலகத்துக்குப் போய் நிற்கிறவரிடம், 'உன் சாமான் எது?' என்று கேட்கிறார்கள். பட்டியலே இல்லாதபோது அவர் எதைக் காட்டுவார்? அபராதம் கட்டி மீட்டு வரும் நேரத்தில் காய்கறி வாடியிருக்கும், அன்றைக்கான முதலும் போயிருக்கும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே எழுதப்பட்டது. அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். அகற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். இடங்களைப் பற்றி யோசனை சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் அது சொல்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணக்கெடுப்பைத் தள்ளிப் போட்டால் சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாதவரைப் பார்த்து 'நீ அனுமதியில்லாதவன்' என்று சொல்லிவிடலாம். சட்டம் கொடுத்த பாதுகாப்பு அப்படியே தலைகீழாகிறது.

'சிங்கப்பூரில் தெரு வியாபாரிகள் எல்லாரையும் கட்டடங்களுக்குள் அனுப்பிவிட்டார்களே' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். சரி, அனுப்பினார்கள், ஆனால் 1960-களின் கடைசியில் பதிவு செய்யத் தொடங்கியவர்கள், அந்த வேலையை முடித்தது 1980-களின் நடுவில். கூடவே மக்கள் குடியேறிய அடுக்குமாடிப் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட மையங்களைக் கட்டினார்கள். இதைச் சொல்பவர்கள் 'அகற்றினார்கள்' என்ற பாதியைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு வளாகத்தைக் கட்டிச் சாவியைக் கொடுத்தால், சில மாதங்களில் வியாபாரி பழைய தெருவுக்கே வந்துவிடுவார், வாடிக்கையாளர் அங்கேதானே நடக்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் வேறு வழியில் போனது. வார்விக் சந்திப்பில் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசி, பாதியில் கைவிடப்பட்ட மேம்பாலத் துண்டின் மேல் மூலிகைச் சந்தையை அமைத்தார்கள். கலிஃபோர்னியா 2018-இல் நடைபாதை வியாபாரத்துக்குக் குற்றவியல் தண்டனை கூடாது என்று சட்டம் போட்டது. உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலன் சார்ந்த காரணங்களுக்காக நகரங்கள் கட்டுப்பாடு விதிக்கலாம். பக்கத்துக் கடைக்காரருக்குப் போட்டி என்பது காரணமாகாது.

பாதசாரிகளின் குறையை அறிக்கை ஒதுக்கவில்லை. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போக முடியாத நடைபாதை யாருக்கும் உதவாது, ஆகவே நடக்கும் பகுதிக்குக் கோடு போட்டு, அதற்குள் வியாபாரம் கூடாது என்பதைக் கறாராகவே பரிந்துரைக்கிறோம். அதே கறாரை நிறுத்தி வைத்த வாகனங்களிடமும் காட்ட வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் மூன்று தள்ளுவண்டிகள் நிற்கும், ஆனால் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

மற்ற பரிந்துரைகள் சுருக்கமாக: கணக்கெடுப்புக்குக் கடைசித் தேதி, குழு உறுப்பினர்களுக்கு உண்மையான தேர்தல், கட்டணம் வாங்கினால் ரசீது, கழிப்பறையும் குப்பைத் தொட்டியும். இவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும். அடுத்த மாதமே தொடங்கக் கூடியது ஒன்று இருக்கிறது: பறிமுதல் செய்யும் ஊழியர் கையில் ஒரு நகல் புத்தகம், எடுத்த பொருள், அளவு, நேரம் மூன்றையும் எழுதி, வியாபாரி கையெழுத்தோடு ஒரு தாளைக் கிழித்து அவரிடமே கொடுப்பது.